தாளில் 2.40, எக்செலில் 2.4: கடைசிப் பூச்சியம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிப் பக்கம் எங்கள் கடையில் பழைய அட்டவணைகளை ஸ்கேன் செய்து விரிதாளில் ஏற்றிக் கொடுக்கிறோம். வருவதில் பாதிக்கு மேல் தண்ணீர்க் கணக்குத்தான்: கிணற்று நீர்மட்டம், மழை, உப்புத்தன்மை. குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடுகிற ஆறு இல்லை, சுண்ணாம்புக் கல்லுக்குள் நிற்கிற நீரை நம்பித்தான் குடிக்கிறோம், தோட்டம் செய்கிறோம். அதனால் அளந்து எழுதிவைத்த கொப்பிகளுக்கு இங்கே பஞ்சமில்லை. அவற்றைக் கொண்டுவருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவை கீழே.

தாளில் 2.40 என்று தெளிவாக இருக்கிறது. எக்செலில் ஒட்டியதும் 2.4 ஆகிவிடுகிறது. ஏன்?

எக்செல் நீங்கள் ஒட்டிய எழுத்துகளைப் பார்த்து "இது எண்" என்று முடிவு செய்கிறது. எண் என்று முடிவு செய்தவுடன் 2, புள்ளி, 4, 0 என்ற நான்கு குறிகளைத் தூக்கி எறிந்துவிட்டு, அதன் பெறுமதியை மட்டும் இரும வடிவத்தில் சேமிக்கிறது. அந்த வடிவத்தில் 2.4, 2.40, 2.400 எல்லாம் ஒன்றே. பூச்சியம் மறைந்துகிடக்கவில்லை, கோப்பில் அது எங்குமே இல்லை. லிப்ரே ஆபிஸ், கூகுள் ஷீட்ஸ் இரண்டும் இதே மாதிரித்தான்.

ஆகவே ஒட்டிய பிறகு கலத்தின் வடிவமைப்பை `Text` என்று மாற்றினால் பூச்சியம் திரும்பி வராது. 2.4 என்பது 2.4 ஆகவே நிற்கும், அவ்வளவுதான். எதைச் செய்வதானாலும் ஒட்டுவதற்கு முன் செய்ய வேண்டும்.

பெறுமதி ஒன்றுதானே, அண்ணை. ஒரு பூச்சியம் போனால் என்ன குறைந்துவிடும்?

கடைக் கணக்கென்றால் ஒன்றும் குறையாது. அளவீடு என்றால் குறையும். கடைசி இலக்கம், அளந்தவர் எதுவரை பார்த்தார் என்பதைச் சொல்கிறது. 2.40 மீற்றர் என்று எழுதியவர் சென்ரிமீற்றர் வரை பார்த்திருக்கிறார், உண்மை அளவு 2.395க்கும் 2.405க்கும் இடையில். 2.4 என்று எழுதியவர் பத்துச் சென்ரிமீற்றர் கோட்டை மட்டும் பார்த்திருக்கிறார், உண்மை 2.35க்கும் 2.45க்கும் இடையில் எங்கேயும் இருக்கலாம். முதலாவதில் ஒரு சென்ரிமீற்றர் இடைவெளி, இரண்டாவதில் பத்து.

உயர்தர இரசாயனவியல் செய்முறையில் அளவியை 23.5 என்று எழுதினால் ஆசிரியர் 23.50 என்று திருத்துவாரே, அதே காரணம்தான். அந்தப் பூச்சியமும் கண்ணால் பார்த்து எழுதிய ஓர் இலக்கம்.

நிரல் முழுவதையும் தெரிவுசெய்து 0.00 வடிவமைப்பைப் போட்டுவிட்டால் எல்லாம் இரண்டு தசம தானமாகத் தெரியுமே. அது போதாதா?

தாளில் உள்ள ஒவ்வொரு எண்ணுக்கும் இரண்டு தசம தானம் இருந்தது என்று உறுதியாகத் தெரிந்தால் போதும். தெரியாவிட்டால் இதைவிட மோசமான வழி இல்லை என்பேன். போன பூச்சியத்தைத் திருப்பி வைப்பதோடு நில்லாமல், இல்லாத பூச்சியத்தையும் அது உண்டாக்கிவிடும். நானே ஒருமுறை அப்படிச் செய்து மாட்டிக்கொண்டேன்.

ஒரு கிணற்றின் வாராந்த நீர்மட்டம் அது. தட்டச்சுச் செய்த தாள். கட்டின் விளிம்பிலிருந்து தண்ணீர் வரை எத்தனை மீற்றர் என்ற அளவு, சனவரி முதல் வாரத்திலிருந்து பன்னிரண்டு வாரம். தாளில் இப்படி இருந்தது:

```
2.35  2.40  2.50  2.55  2.60  2.70
2.78  2.85  2.91  2.9   2.97  3.00
```

எக்செலில் ஒட்டியதும் இப்படி ஆனது:

```
2.35  2.4   2.5   2.55  2.6   2.7
2.78  2.85  2.91  2.9   2.97  3
```

பார்க்க அலங்கோலமாக இருந்ததால் 0.00 போட்டேன். எல்லாம் வரிசையாக நின்றன. பத்தாம் வாரமும் 2.90 என்று நின்றது.

இப்போது ஒன்பதாம், பத்தாம், பதினோராம் வாரங்களைப் பாருங்கள்: 2.91, 2.90, 2.97. மாரி முடிந்து நீர் கீழே இறங்கிக்கொண்டே போகிற காலம். ஒவ்வொரு வாரமும் ஆழம் கூட வேண்டும். ஆனால் பத்தாம் வாரம் நீர் ஒரு சென்ரிமீற்றர் மேலே வந்ததுபோல இருக்கிறது. கோப்பைக் கொண்டுபோன பட்டப்பின்படிப்பு மாணவி, மார்ச் இரண்டாம் வாரத்தில் ஏற்பட்ட சிறு மீள்நிரப்பு பற்றி ஒரு பந்தியே எழுதிவிட்டார். மழை பெய்ததா என்று தேடி, பெய்யவில்லை என்று கண்டு, பக்கத்துத் தோட்டத்தில் இறைப்பை நிறுத்தியிருப்பார்கள் என்று ஒரு விளக்கமும் சேர்த்திருந்தார்.

தாளில் இருந்தது 2.90 அல்ல, 2.9. அந்த வாரம் வேறு யாரோ அளந்திருக்க வேண்டும், அல்லது அவசரமாக அளந்திருக்க வேண்டும். 2.9 என்றால் 2.85க்கும் 2.95க்கும் இடையில். உண்மை 2.94 ஆக இருந்தால் 2.91, 2.94, 2.97, 3.00 என்று வாரத்துக்கு மூன்று சென்ரிமீற்றர் வீதம் ஒழுங்காக இறங்கியிருக்கும். 2.94தான் என்று நான் சொல்லவில்லை. அந்தத் தாளை வைத்து நீர் ஏறியது என்று சொல்ல முடியாது என்கிறேன். அந்த ஏற்றம் நான் போட்ட வடிவமைப்பில் பிறந்தது.

முதல் ஆறு வாரமும் 0 அல்லது 5இல் முடிகிறதே, அதைக் கவனித்தீர்களா?

அப்போது கவனிக்கவில்லை, பிறகு கவனித்தேன். 2.35, 2.40, 2.50, 2.55, 2.60, 2.70. ஆறும் ஐந்து சென்ரிமீற்றரின் மடங்குகள். நாடாவில் ஐந்து சென்ரிமீற்றர் கோட்டைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். ஏழாம் வாரத்திலிருந்துதான் 2.78, 2.91, 2.97 என்று சென்ரிமீற்றர் வரை போகிறது. இரண்டு தசம தானம் எழுதப்பட்டிருந்தாலும் முதல் ஆறின் துல்லியம் வேறு, பிந்தியவற்றின் துல்லியம் வேறு.

பூச்சியங்கள் உதிர்ந்த நிரலில் இந்தக் கோலம் கண்ணில் படாது. 2.35, 2.4, 2.5, 2.55, 2.6, 2.7 என்று நின்றால் ஒன்று நீளம், மற்றது கட்டை, அவ்வளவுதான் தெரியும். பூச்சியத்தோடு நின்றால் கடைசி இலக்கங்கள் 5, 0, 0, 5, 0, 0 என்று தாமே பேசும்.

சரி, அப்போ எப்படி ஒட்டுவது?

எக்செல் என்றால் முதலில் வெற்று நிரலைத் தெரிவுசெய்து, `Ctrl+1` அழுத்தி, `Number` தாவலில் `Text` என்பதைத் தெரிவுசெய்யுங்கள். அதன் பிறகே ஒட்ட வேண்டும். ஒட்டும்போதும் ஒரு பொறி இருக்கிறது. வேர்ட் அட்டவணையிலிருந்தோ இணையப் பக்கத்திலிருந்தோ பிரதி எடுத்துச் சாதாரணமாக ஒட்டினால், மூலத்தின் வடிவமைப்பும் கூடவே வந்து உங்கள் `Text` அமைப்பை மேவிவிடும், பூச்சியம் மறுபடி போகும். வலது சொடுக்கி `Match Destination Formatting` என்பதைத் தெரிவுசெய்து ஒட்டுங்கள்.

ஸ்கேன் படத்திலிருந்து எழுத்துகளை வாசித்தெடுக்கிற ஓசிஆர் மென்பொருள் சிஎஸ்வி கோப்பாகத் தந்தால் அதை இரட்டைச் சொடுக்கில் திறக்கவே கூடாது. எக்செலுக்குள் `Data` → `From Text/CSV` வழியாகப் போய், `Data Type Detection` என்ற இடத்தில் `Do not detect data types` என்று வைத்து ஏற்றுங்கள். லிப்ரே ஆபிஸில் கோப்பைத் திறக்கும்போதே ஒரு பெட்டி வரும், அதில் நிரலின் தலையைச் சொடுக்கி `Column type` என்பதை `Text` ஆக்குங்கள். கூகுள் ஷீட்ஸில் `File` → `Import` போய், எழுத்தை எண்ணாகவும் திகதியாகவும் மாற்று என்கிற பெட்டியில் உள்ள சரியடையாளத்தை எடுத்துவிடுங்கள்.

இன்னொன்று. சில ஓசிஆர் மென்பொருள்கள் நேரே எக்செல் கோப்பாகவே சேமித்துத் தரும். வசதிதான். ஆனால் அந்தச் சேமிப்பின்போதே எண்ணாக மாற்றியிருந்தால் பூச்சியம் உங்கள் கைக்கு வரும் முன்பே போயிருக்கும், நீங்கள் `Text` போட்டும் பயனில்லை. அளவீட்டு அட்டவணைகளுக்கு நான் எப்போதும் வெறும் எழுத்துக் கோப்பாகவோ சிஎஸ்வியாகவோதான் எடுக்கிறேன்.

எழுத்தாக வைத்தால் கூட்டல் வராதே? SUM போட்டால் 0 என்கிறது.

வராதுதான். `SUM` எழுத்துக் கலங்களைக் கணக்கில் எடுக்காமல் தாண்டிப் போய்விடும். பிழை என்றும் சொல்லாது. அதனால் ஒரே நிரலை இரண்டு வேலைக்கும் வைக்க வேண்டாம். தாளில் உள்ளதை உள்ளபடி வைத்திருக்க ஒரு நிரல், கணக்குக்கு இன்னொன்று.

B நிரல் தாளில் உள்ளது, எழுத்தாக. C நிரல் அதன் எண். D நிரல் தாளில் எத்தனை தசம தானம் இருந்தது என்பது. இரண்டாம் நிரையில் இவற்றைப் போட்டு கீழே இழுத்துவிடுங்கள்:

```
C2: =IF(B2="","",NUMBERVALUE(B2,".",","))
D2: =IF(ISNUMBER(FIND(".",B2)),LEN(B2)-FIND(".",B2),0)
```

சூத்திரம் எழுதும் நிரல்கள் `General` வடிவமைப்பில் இருக்க வேண்டும். பக்கத்து நிரலின் `Text` இவற்றிலும் ஒட்டியிருந்தால் விடை வராமல் சூத்திரமே எழுத்தாகத் தெரியும்.

முதல் சூத்திரத்தில் `IF(B2=""` என்று ஏன் வைத்தேன் என்று கேட்கலாம். `NUMBERVALUE` வெற்றுக் கலத்துக்கு 0 என்று விடை தரும். அளக்காத வாரம் 0 மீற்றர் ஆகிவிடும், அதாவது கிணறு விளிம்பு வரை நிரம்பியதாகிவிடும். சராசரி எவ்வளவு குறைந்துவிடும் என்று நினைத்துப் பாருங்கள்.

நம் பன்னிரண்டு வாரத்துக்கு D நிரலில் பதினொரு 2உம் ஒரே ஒரு 1உம் வரும். அந்த 1தான் பத்தாம் வாரம். அதை நிறம்தீட்டி வைத்தால் போதும், மீள்நிரப்புப் பந்தி பிறக்காது.

கலத்தின் மூலையில் பச்சை முக்கோணம் வருகிறது. "Convert to Number" என்று கேட்கிறது. சொடுக்கலாமா?

B நிரலில் சொடுக்கவே வேண்டாம். இவ்வளவு பாடுபட்டுக் காத்த பூச்சியங்கள் ஒரே சொடுக்கில் போய்விடும். கண்ணை உறுத்தினால் `Ignore Error` என்பதைத் தெரிவுசெய்யுங்கள். என்னைக் கேட்டால் முக்கோணம் இருப்பது நல்லது: இந்த நிரல் இன்னும் எழுத்தாகவே இருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. முக்கோணம் இல்லாத கலம் நடுவில் இருந்தால் அங்கே யாரோ கைவைத்திருக்கலாம்.

ஓசிஆர் பிழையாக வாசித்திருந்தால் இந்த முறையில் தெரியுமா?

ஒரு பகுதி தெரியும். எண்ணை மறுபடி எழுத்தாக்கி, முதல் எழுத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்:

```
E2: =EXACT(B2,FIXED(C2,D2,TRUE))
```

C நிரலின் எண்ணை D நிரல் சொல்கிற தசம தானத்துக்கு எழுதினால் B நிரலில் உள்ளது அச்சொட்டாக வர வேண்டும். வந்தால் `TRUE`. 2.9O என்று பூச்சியத்துக்குப் பதில் ஓ எழுத்து விழுந்திருந்தால் பிழைச் செய்தி வரும். 2,90 என்று காற்புள்ளி விழுந்திருந்தால் `NUMBERVALUE` அதை 290 என்று வாசிக்கும், தசமப் புள்ளி இல்லாததால் D 0 ஆகும், E `FALSE` என்று காட்டிக்கொடுக்கும். 2 90 என்று புள்ளி இருந்த இடத்தில் இடைவெளி வந்தாலும் அப்படியே. எண்ணுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்ட வெற்றிடமும் பிடிபடும்.

பிடிபடாதது எது? புள்ளி முழுதாக மறைந்து 290 என்று வந்தால் அது ஒழுங்கான முழு எண், `TRUE` என்றே சொல்லும். கிணற்று ஆழ நிரலில் 290 மீற்றர் இருக்க முடியாது என்பதால் C நிரலின் ஆகக் கூடியதையும் குறைந்ததையும் பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் 2.90இல் கடைசிப் பூச்சியம் அட்டவணைக் கோட்டோடு ஒட்டியிருந்து ஓசிஆர் அதைக் கோடு என்று விட்டுவிட்டால், 2.9 என்றுதான் வரும், எந்தச் சூத்திரமும் அதைக் காட்டாது. அதற்குத்தான் D நிரல். நிரலில் பெரும்பாலும் 2 இருக்க, எங்கெங்கே 1 வருகிறதோ அந்த நிரைகளை மட்டும் ஸ்கேன் படத்தோடு கண்ணால் ஒப்பிடுங்கள். 500 நிரையையும் பார்க்க வேண்டியதில்லை, பத்தோ பதினைந்தோதான் வரும்.

புள்ளிகள் அடிக்கடி காணாமல் போகின்றன. ஸ்கேனிலேயே ஏதாவது செய்யலாமா?

300 டிபிஐக்குக் குறையாமல் எடுங்கள். அரை மில்லிமீற்றர் அகலமுள்ள ஒரு புள்ளி 300 டிபிஐயில் ஆறு பிக்சல் அளவு வரும், 150இல் மூன்றுதான். மூன்று பிக்சலைத் தூசு என்று நினைப்பதற்கு மென்பொருளுக்கு அதிக நேரம் ஆகாது. அதோடு ஸ்கேனரில் தூசு நீக்கும் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். தாளைச் சுத்தமாக்குகிறேன் என்று அது முதலில் துடைப்பது தசமப் புள்ளியைத்தான்.

பழைய ஆங்கிலேயர் கால அச்சில் இன்னொரு சங்கடம்: தசமப் புள்ளி அடியில் இல்லாமல் 2·40 என்று நடுவில் நிற்கும். ஓசிஆர் அதை அப்படியே தந்தால் எண்ணாக மாறாது. இங்கே அது நல்லதே, ஏனென்றால் பூச்சியம் தப்பிவிடும். எக்செலில் ஏற்றும் முன்பே, எழுத்துக் கோப்பிலேயே நடுப்புள்ளியைச் சாதாரணப் புள்ளியாக மாற்றிக்கொள்ளுங்கள்.

எங்கள் தாத்தாவின் கிணற்றுக் கொப்பியில் 7.1, 7.10, 7.11 எல்லாம் இருக்கிறது. 7.1உம் 7.10உம் ஒன்றுதானா?

இந்தக் கேள்விக்காகவே இந்தப் பக்கத்தை எழுதலாம். அது அனேகமாகத் தசமம் இல்லை, அடியும் அங்குலமும். 7.1 என்றால் 7 அடி 1 அங்குலம். 7.10 என்றால் 7 அடி 10 அங்குலம். இங்கே பூச்சியம் போனால் துல்லியம் குறைவதோடு நிற்காது, அளவே மாறிவிடும். 7 அடி 10 அங்குலம் 94 அங்குலம், அதாவது 2.388 மீற்றர். 7 அடி 1 அங்குலம் 85 அங்குலம், 2.159 மீற்றர். எக்செல் ஒரு பூச்சியத்தை விழுங்கியதில் நீர்மட்டம் கிட்டத்தட்ட 23 சென்ரிமீற்றர் மேலே வந்துவிடும்.

எப்படிக் கண்டுபிடிப்பது? புள்ளிக்குப் பிறகு வருவதை ஒரு எண்ணாகப் பாருங்கள். கொப்பி முழுவதும் 11ஐத் தாண்டவே இல்லை என்றால், அதாவது 7.9, 7.10, 7.11, பிறகு நேரே 8.0 என்று போனால், அது அங்குலம். ஓர் இடத்திலாவது 7.35 என்றோ 7.60 என்றோ இருந்தால் தசமம். கொப்பியின் நடுவில் மீற்றர் நாடாவுக்கு மாறியிருக்கவும் கூடும், ஆகையால் முதல் பக்கத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்க வேண்டாம்.

அங்குலமாக்கும் சூத்திரம் எழுத்து நிரலிலிருந்துதான் எடுக்க வேண்டும்:

```
=LEFT(B2,FIND(".",B2)-1)*12+MID(B2,FIND(".",B2)+1,2)
```

வருகிற விடையை 0.0254 ஆல் பெருக்கினால் மீற்றர். B நிரலில் 7.10 எழுத்தாக இருந்தால் 94 வரும். எண்ணாகிவிட்டிருந்தால் 85 வரும், எந்த எச்சரிக்கையும் இல்லாமல்.

எனக்கு வந்த கோப்பில் பூச்சியங்கள் ஏற்கனவே போய்விட்டன. மூலத்தாள் இல்லை. ஏதாவது செய்யலாமா?

தனித்தனிக் கலத்தைத் திருத்த முடியாது. நிரல் முழுவதையும் பற்றி ஓரளவு ஊகிக்கலாம். சென்ரிமீற்றர் வரை கவனமாக அளந்த நிரலில் கடைசி இலக்கம் 0இலிருந்து 9 வரை ஏறத்தாழச் சமமாக வரும். பத்தில் ஒன்று 0இல் முடியும். ஆகவே 200 அளவீடுள்ள நிரலில் பூச்சியம் உதிர்ந்திருந்தால் ஏறத்தாழ 20 எண்கள் கட்டையாக நிற்க வேண்டும், அவற்றில் இரண்டளவில் 3 என்றோ 4 என்றோ முழு எண்ணாக. இந்த வீதத்தில் இருந்தால் எல்லாம் இரண்டு தசம தானம்தான், எக்செல்தான் விழுங்கியது என்று நம்பலாம், 0.00 வடிவமைப்பையும் போடலாம்.

200இல் 80, 100 என்று கட்டையாக நின்றால் கதை வேறு. ஒன்றில் ஐந்து அல்லது பத்துச் சென்ரிமீற்றர் படியில் அளந்திருக்கிறார்கள், அல்லது பாதிக் காலம் ஒரு தசம தானத்துக்கே எழுதியிருக்கிறார்கள். மிச்ச எண்கள் பெரும்பாலும் 5இல் முடிந்தால் முதலாவது. 1இலிருந்து 9 வரை கலந்து வந்தால், கட்டை எண்கள் எந்தத் திகதிகளில் குவிகின்றன என்று பாருங்கள். தொடர்ந்து ஒரே காலத்தில் குவிந்தால் அப்போது ஆளோ நாடாவோ மாறியிருக்கிறது. அந்தப் பகுதிக்குப் பூச்சியம் சேர்க்க வேண்டாம்.

பன்னிரண்டு அளவீட்டை வைத்து இந்தக் கணக்குப் பார்க்க முடியாது. ஒன்றிரண்டு இப்படி அப்படிப் போனாலே வீதம் குலைந்துவிடும்.

எல்லாம் சரியாகச் செய்து சிஎஸ்வியாகச் சேமித்தேன். மறுநாள் திறந்தால் பூச்சியம் இல்லை!

கோப்பில் இருக்கிறது, திறந்த விதத்தில்தான் போனது. சிஎஸ்வி வெறும் எழுத்து. அதில் 2.40 இருந்தாலும் "இந்த நிரல் எழுத்து" என்ற குறிப்பு அதில் இருக்காது, இரட்டைச் சொடுக்கில் திறந்தால் எக்செல் மறுபடி முதலிலிருந்து எண்ணாக்கும். உண்மையில் பூச்சியம் இருக்கிறதா என்று பார்க்க நோட்பேடில் திறவுங்கள். எக்செலில் திறந்துவிட்டீர்களென்றால் சேமிக்காமல் மூடுங்கள். சேமித்தால்தான் கோப்பே கெடும். வேலை நடக்கும் காலமெல்லாம் எக்செல் கோப்பாகவே வைத்திருந்து, கடைசியில் மட்டும் சிஎஸ்வி எடுப்பது எங்கள் வழக்கம்.

சராசரி 2.709166667 என்று வருகிறது. எத்தனை தசம தானத்துக்கு எழுதுவது?

நம் பன்னிரண்டு வாரத்தின் கூட்டுத்தொகை 32.51, பன்னிரண்டால் வகுத்தால் அந்த நீண்ட எண். பெரும்பாலானவை சென்ரிமீற்றர் வரை எழுதப்பட்டவை என்பதால் 2.71 என்று எழுதலாம், ஒரு வாரம் ஒரு தசம தானத்துக்கே அளக்கப்பட்டது என்று அடியில் குறித்துவிட்டு. கண்டிப்பான ஆசிரியர் 2.7 என்பார், முதல் ஆறும் ஐந்து சென்ரிமீற்றர் படி என்பதைப் பார்த்தால் அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. 2.709 என்று மட்டும் எழுத வேண்டாம். நாடாவைப் பிடித்த யாரும் மில்லிமீற்றரைப் பார்க்கவில்லை.

"<0.05" என்றும் "-" என்றும் சில கலங்களில் இருக்கிறது. அவற்றை 0 ஆக்கலாமா?

ஆக்க வேண்டாம். "<0.05" என்றால் கருவியால் அதற்குக் கீழே அளக்க முடியவில்லை என்று பொருள், "-" என்றால் அளக்கவில்லை. B நிரலில் உள்ளபடியே விடுங்கள். C நிரலில் அவை பிழைச் செய்தியாக நிற்கும். சராசரி எடுக்கும்போது அவற்றை என்ன செய்வது என்பது ஆய்வு செய்பவர் எடுக்க வேண்டிய முடிவு, தாளை ஏற்றுகிற நாங்கள் எடுப்பதல்ல.

கோப்பை வேறொருவருக்குக் கொடுக்கும்போது C நிரலை மட்டும் கொடுத்தால் போதுமா?

நான்கு நிரலையும் கொடுங்கள். B நிரலின் தலைப்பில் "தாளில் உள்ளபடி, மாற்ற வேண்டாம்" என்று எழுதுங்கள். அந்த மாணவிக்குத் திருப்பிக் கொடுத்த கோப்பில் நான் அப்படித்தான் எழுதினேன். பத்தாம் வாரத்துக்கு எதிரே "2.9, 2.90 அல்ல" என்றும் சேர்த்தேன். அவர் பந்தியை எடுத்துவிட்டு, அந்த வாரத்தை வரைபடத்தில் புள்ளியாக வைக்காமல் 2.85இலிருந்து 2.95 வரை ஒரு நிலைக்குத்துக் கோடாக வரைந்திருந்தார்.